இதயம் தளர்ந்தவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோனும் சாகுபிட்ரில்-வல்சார்ட்டானும்: முதல் மூன்று மாத வழிகாட்டி

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் எக்கோ எடுத்தாலும் சரி, தனியார் மருத்துவமனையில் எடுத்தாலும் சரி, "பம்பிங் 30 தான் இருக்கு" என்று சொன்னால் அது இ.எஃப். என்ற அளவைக் குறிக்கும்; இதயம் தன்னுள் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதே அது. அது 40 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இன்று நான்கு வகை மருந்துகள் தரப்படுகின்றன. அவற்றில் பீட்டா பிளாக்கரும் டாபாகிளிஃப்ளோசின் வகையும் பொட்டாசியத்தைப் பெரிதாக ஏற்றுவதில்லை. மற்ற இரண்டு, அதாவது சாகுபிட்ரில்-வல்சார்ட்டானும் ஸ்பைரோனோலாக்டோனும், ஆயுளைக் கூட்டுகின்றன; கூடவே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றவும் செய்கின்றன. அது மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இவ்விரண்டையும் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத் தொடங்கி, அளவைக் கூட்டி, நிலைநிறுத்துவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். அளவை மாற்றும் முடிவு மருத்துவருடையது. அவர் ஏன் அப்படி மாற்றுகிறார், எந்த எண்ணைப் பார்த்து மாற்றுகிறார் என்பது வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டும் என்ன செய்கின்றன

இதயம் தளர்ந்ததும் ரத்தம் குறைந்துவிட்டதாக உடல் தப்புக்கணக்குப் போடுகிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற சுரப்பு கூடுகிறது. அது சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றும். இதயத் தசையில் தழும்பு விழவும் துணைபோகும். ஸ்பைரோனோலாக்டோன், எப்லரினோன் ஆகியவை அந்தச் சுரப்பின் வேலையைத் தடுக்கின்றன. அதனால் பொட்டாசியம் வெளியேறுவதும் குறைகிறது. மருந்தின் பலனும் அதன் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

சாகுபிட்ரில்-வல்சார்ட்டான் ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து. இதயமே சுரக்கும் நல்ல புரதங்கள் சில ரத்தக் குழாயைத் தளர்த்தி உப்பை வெளியேற்றும். நெப்ரிலைசின் என்ற நொதி அவற்றைச் சிதைக்கிறது. அந்த நொதியை சாகுபிட்ரில் தடுக்கிறது. வல்சார்ட்டான், ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கிறது. ஆல்டோஸ்டிரோன் சுரப்பதும் அதனால் ஓரளவு குறையும் என்பதால், இந்த மாத்திரையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும்.

பலன் எவ்வளவு? 1999-ல் வெளியான ரேல்ஸ் ஆய்வில் கடுமையான இதயத் தளர்ச்சி உள்ள 1,663 பேர் இருந்தார்கள். சராசரியாக இரண்டு ஆண்டுகளில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தார்கள்; ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தவர்களில் 35 சதவீதம். கொடுத்த அளவு நாளுக்குச் சராசரியாக 26 மி.கி. மட்டுமே. 2014-ல் வந்த பாரடைம் ஆய்வு சாகுபிட்ரில்-வல்சார்ட்டானை எனலாப்ரில் என்ற பழைய மருந்தோடு ஒப்பிட்டது. இதய நோயால் இறப்பதும் இதயத் தளர்ச்சிக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதும் சேர்ந்து 26.5 சதவீதத்திலிருந்து 21.8 சதவீதமாகக் குறைந்தன.

ரேல்ஸ் வெளியான பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் ஸ்பைரோனோலாக்டோனைத் தாராளமாக எழுதத் தொடங்கினார்கள். ஆய்வில் செய்த கண்காணிப்பு வெளியே நடக்கவில்லை. அங்கே முதிய இதய நோயாளிகளிடையே பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-ல் 11 பேர். மருந்து அதே மருந்துதான். இல்லாமல் போனது ரத்தப் பரிசோதனை.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கிரியேட்டினின், பொட்டாசியம், ரத்த அழுத்தம், உடல் எடை ஆகிய நான்கையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் எந்த எண்ணும் இந்த முதல் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பொருள்படும். பொட்டாசியம் 5.0-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்பைரோனோலாக்டோன் தொடங்குவதில்லை.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; அதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அதிலிருந்து வயதையும் ஆண்-பெண் வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள்; சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை அது சொல்லும். 62 வயது ஆணுக்கு கிரியேட்டினின் 1.2 என்றால் இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 68. அதே 1.2 ஒரு 70 வயதுப் பாட்டிக்கு என்றால் சுமார் 49. லேப் தாளில் இரண்டு பேருக்கும் 1.2 தான் அச்சாகியிருக்கும். 50-க்கு மேல் இருப்பவருக்கு ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி.யில் தொடங்கலாம். 30-க்கும் 50-க்கும் இடையே இருப்பவருக்கு 12.5 மி.கி., சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். 30-க்குக் கீழே என்றால் வழக்கமாகத் தொடங்குவதில்லை.

அடுத்து, வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மூன்று பொறிகள் அங்கேதான் இருக்கும். முதலாவது, நீர் மாத்திரை. டார்செமைடு அல்லது ஃபியூரோசமைடோடு ஸ்பைரோனோலாக்டோன் 50 மி.கி. சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நம் மருந்துக் கடைகளில் சாதாரணம். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில்தான் அது இருக்கும். அதற்கு மேல் தனியாக ஒரு ஸ்பைரோனோலாக்டோன் 25 சேர்ந்தால் நாளுக்கு 75 ஆகிவிடும். இரண்டாவது, முன்பு நீர் மாத்திரையால் பொட்டாசியம் இறங்கியபோது எழுதிக்கொடுத்த பொட்டாசியம் குளோரைடு சிரப். ஸ்பைரோனோலாக்டோன் வந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தால் பொட்டாசியம் வேகமாக ஏறும். மூன்றாவது, பழைய பிரஷர் மாத்திரை. ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் எதுவும் சாகுபிட்ரில்-வல்சார்ட்டானோடு சேர்ந்து போகக் கூடாது.

சாகுபிட்ரில்-வல்சார்ட்டானுக்கு மாறுவது

இப்போது எடுப்பது ராமிப்ரில், எனலாப்ரில் போல 'ப்ரில்' என்று முடியும் மருந்தா, 'சார்ட்டான்' என்று முடிவதா என்று முதலில் பாருங்கள். சார்ட்டான் என்றால் இடைவெளி தேவையில்லை. பழையதை நிறுத்திவிட்டு அடுத்த வேளைக்குப் புதியதைத் தொடங்கலாம்.

ப்ரில் என்றால் கடைசி மாத்திரையிலிருந்து முழுதாக 36 மணி நேரம் விட வேண்டும். இரண்டும் உடலில் ஒன்றாக இருந்தால் பிராடிகைனின் என்ற பொருள் தேங்கி உதடு, நாக்கு, தொண்டை வீங்கி மூச்சை அடைக்கக்கூடும். ஞாயிறு இரவு 8 மணிக்குக் கடைசி ராமிப்ரில் என்றால் புதியது செவ்வாய் காலை 8 மணிக்கு. திங்கட்கிழமை இரண்டுமே கிடையாது. அன்றே மீதி ராமிப்ரில் அட்டையை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிடுவது நல்லது. முன்பு எப்போதாவது ப்ரில் மருந்தால் முகம், நாக்கு வீங்கியிருந்தால் இந்த மாத்திரையே ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

கடைகளில் 50, 100, 200 மி.கி. என மூன்று அளவில் கிடைக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று. முன்பு குறைந்த அளவு ப்ரில் எடுத்தவர்களுக்கும், இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் 50-ல் தொடக்கம். முழு அளவு எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 100. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, தாங்கினால் 200 வரை போவது இலக்கு. மேல் அழுத்தம் 100-க்குக் கீழே இருப்பவருக்கு மிகுந்த கவனத்தோடுதான் தொடங்குவார்கள். பாரடைம் ஆய்வில் அழுத்தம் இறங்கித் தொந்தரவு கொடுத்தது 14 சதவீதம் பேருக்கு. எனலாப்ரில் பக்கம் 9.2 சதவீதம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் பலரும் இந்த மாத்திரையைத்தான் குறைக்கப் பார்ப்பார்கள். கால் வீக்கமும் மூச்சிரைப்பும் இல்லையென்றால் முதலில் குறைக்க வேண்டியது பெரும்பாலும் நீர் மாத்திரையை. அதைக் குறைத்தால் பொட்டாசியம் சற்று ஏறும் என்பதை மட்டும் மறக்காமல் அடுத்த பரிசோதனையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரத்தப் பரிசோதனை எப்போது, எப்படி

சாகுபிட்ரில்-வல்சார்ட்டான் தொடங்கினாலும் கூட்டினாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும். ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கினாலும் கூட்டினாலும் ஒரு வாரத்தில் ஒன்று, நான்கு வாரத்தில் ஒன்று. பிறகு எட்டாவது, பன்னிரண்டாவது வாரம். முதல் ஆண்டு முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. முதல் வாரப் பரிசோதனை நன்றாக வந்ததும் நான்காம் வாரத்தை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எண் மெல்ல ஏறும் பழக்கமுடையது; ஒரு வாரத்தில் முழுக் கதையையும் சொல்லாது.

ரத்தம் எடுக்கும் விதமே பொய்யான எண்ணைக் கொடுக்கலாம். கையை இறுகக் கட்டி, முஷ்டியைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் சொன்னால் தசையிலிருந்து பொட்டாசியம் கசியும். ரத்த அணுக்கள் உடைந்தாலும் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும். அம்பாசமுத்திரத்திலோ ராதாபுரத்திலோ காலையில் எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமலே பல மணி நேரம் கழித்துத் திருநெல்வேலி லேபுக்குப் போய்ச் சேர்ந்தால் 4.8 இருந்தது 5.6 ஆகத் தெரியலாம். ரத்தம் எடுக்கும் இடத்திலேயே சீரம் பிரிக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்த ஒரு பரிசோதனைக்காவது லேப் இருக்கும் ஊருக்கே போவது மேல். ஆனால் "லேப் தப்பாத்தான் இருக்கும்" என்று நாமே தீர்மானித்து வாரக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. 5.5-க்கு மேல் வந்தால் அன்றே, முடியாவிட்டால் மறுநாள், திரும்ப எடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு

சேரன்மகாதேவிப் பக்கம் நெல் விவசாயம் பார்க்கும் 62 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இ.எஃப். 30. ராமிப்ரில் 5 மி.கி., ஃபியூரோசமைடு 40, பீட்டா பிளாக்கர், டாபாகிளிஃப்ளோசின் ஓடுகின்றன. அழுத்தம் 122/78, பொட்டாசியம் 4.4, கிரியேட்டினின் 1.2.

36 மணி நேரம் விட்டு சாகுபிட்ரில்-வல்சார்ட்டான் 50 இரு வேளை தொடங்குகிறது. இரண்டாம் வாரம் அழுத்தம் 108/70, பொட்டாசியம் 4.6, கிரியேட்டினின் 1.4. கால் வீக்கம் வற்றிவிட்டது; எழுந்தால் லேசாகத் தலை சுற்றுகிறது. கிரியேட்டினின் ஏறியது ஆறில் ஒரு பங்கு. அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. ஃபியூரோசமைடு 20 ஆகிறது. ஸ்பைரோனோலாக்டோன் 25 சேர்கிறது. ஒரு வாரம் கழித்து பொட்டாசியம் 4.9, கிரியேட்டினின் 1.4. நல்லது.

நான்காம் வாரப் பரிசோதனை கந்த சஷ்டி முடிந்த கையோடு வருகிறது. பொட்டாசியம் 5.8, கிரியேட்டினின் 1.7. அன்றே திரும்ப எடுத்தால் 5.7; ஆக லேப் பிழையில்லை. ஈசிஜியில் மாற்றமில்லை. இப்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்த மூன்று வாரத்தில் என்ன மாறியது என்பதுதான். ஆறு நாள் விரதம். சோறு இல்லை, பாலும் பழமும் இளநீருமாக ஓடியிருக்கிறது. திருச்செந்தூரில் நெடுநேரம் நின்றதால் முழங்கால் வலிக்கு அங்கேயே கடையில் அசிக்ளோஃபெனாக் வாங்கி நான்கு நாள் போட்டிருக்கிறார். இளநீரும் பழமும் பொட்டாசியத்தைக் கொண்டுவந்தன. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து அது வெளியேறும் வழியை அடைத்தது.

வலி மாத்திரை நிறுத்தம், பழமும் இளநீரும் நிறுத்தம், ஸ்பைரோனோலாக்டோன் பாதியாக 12.5. சாகுபிட்ரில்-வல்சார்ட்டான் அப்படியே. ஸ்பைரோனோலாக்டோனின் வேலை ஒரே நாளில் அடங்காது என்பதால் மறுநாளே பலனை எதிர்பார்க்கக் கூடாது. நான்கு நாள் கழித்து 5.1, கிரியேட்டினின் 1.5. மேலும் ஒரு வாரத்தில் 4.7, 1.3. அதன் பிறகு சாகுபிட்ரில்-வல்சார்ட்டான் 100 ஆகிறது. இரண்டு வாரத்தில் பரிசோதனை, 4.8. அதற்கும் பிறகுதான் ஸ்பைரோனோலாக்டோன் மறுபடி 25-க்குப் போகிறது. அதற்கு இன்னொரு முதல் வாரம், இன்னொரு நான்காம் வாரம். இவ்விரண்டில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் எண் ஏறும்போது எதைக் குறைப்பது என்றே தெரியாது.

எந்த எண்ணுக்கு என்ன

பொட்டாசியம் 5.0 வரை கவலையில்லை. 5.1 முதல் 5.5 வரை மருந்தைத் தொடரலாம். அளவைக் கூட்டாமல் சாப்பாட்டையும் மற்ற மாத்திரைகளையும் அலசிப் பார்த்து ஒரு வாரத்தில் திரும்ப எடுங்கள். 5.5-ஐத் தாண்டினால் ஸ்பைரோனோலாக்டோன் பாதியாகும். 6.0-ஐத் தாண்டினால் அது நிற்கும்; அன்றே ஈசிஜி இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது. கால் தளர்ச்சி, நாடித் துடிப்பு மந்தமாவது, மயக்கம் போன்றவை வரலாம். பலருக்கு ஒன்றுமே தெரியாமல் நேரே இதயத் துடிப்பு தடுமாறும். "நல்லாத்தானே இருக்கேன்" என்பது இங்கே எதற்கும் சாட்சியாகாது.

கிரியேட்டினின் ஏறுவதைப் பற்றி அச்சம் அதிகம். வல்சார்ட்டான் சிறுநீரக வடிகட்டியின் வெளிவாசல் குழாயைத் தளர்த்துவதால் உள்ளழுத்தம் குறையும், எண் கொஞ்சம் ஏறும். சிறுநீரகம் கெடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. முதல் எண்ணிலிருந்து பாதிப் பங்கு வரை கூடி, அங்கேயே நின்றால் தொடரலாம், 1.2 இருந்தவருக்கு அது 1.8. அதற்கு மேல் போனால் முதலில் நீர்ச்சத்துக் குறைவும் வலி மாத்திரையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவை இல்லையென்றால் அளவைக் குறைப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோனைப் பொறுத்தவரை கிரியேட்டினின் 2.5-ஐத் தாண்டினால், அல்லது இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால், பாதி, 3.5-ஐத் தாண்டினால், அல்லது இ.ஜி.எஃப்.ஆர். 20-க்குக் கீழே போனால், நிறுத்தம்.

சாப்பாடும் சீக்கு நாட்களும்

ஒரு இளநீரில் 500 முதல் 700 மி.கி. பொட்டாசியம் இருக்கும், வாழைப்பழம் ஒன்றில் 400-க்குப் பக்கம். எண் 5-க்குள் இருப்பவர் எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதால் குடி முழுகிவிடாது. கோடையில் தினம் இரண்டு இளநீர் என்பது வேறு கணக்கு. எல்லாவற்றையும்விட மோசமானது, "ஹார்ட்டுக்கு நல்லது" என்று மளிகைக் கடையில் விற்கும் சோடியம் குறைத்த உப்பு. அதில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். 30 சதவீதம் சேர்த்த உப்பில் ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 5 கிராம், 780 மி.கி. பொட்டாசியத்தைக் கொடுக்கும். இந்த இரு மருந்தும் எடுப்பவர் வீட்டில் அது வேண்டாம். சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள். இந்துப்புக்கு மாறுவதிலும் பயனில்லை, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். எண் 5-ஐத் தாண்டியவர்கள் உருளைக்கிழங்கு, கீரை போன்றவற்றை நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கலாம். வடித்த தண்ணீரை ரசத்தில் ஊற்றினால் செய்த வேலை வீண்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எதுவும் வேண்டாம். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரிமாக்சசோலும் பொட்டாசியத்தை ஏற்றும். எந்த மருத்துவரிடம் போனாலும் ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, விடாத காய்ச்சல் வந்து தண்ணீர் சரியாக இறங்கவில்லையென்றால் ஸ்பைரோனோலாக்டோன், சாகுபிட்ரில்-வல்சார்ட்டான், டாபாகிளிஃப்ளோசின், நீர் மாத்திரை ஆகியவற்றை அன்றைக்கு நிறுத்தி வைப்பது பற்றி உடனே மருத்துவரிடம் கேளுங்கள். கத்திரி வெயிலில் வயலிலோ பாதயாத்திரையிலோ வாடிப்போனவருக்கும் இதே முறைதான். பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. சாதாரணமாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் ரத்தம் பார்க்க வேண்டும். சீக்கு நாளில் நிறுத்தியதை மறுபடி தொடங்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நிறுத்திய தேதிக்குப் பக்கத்திலேயே திரும்பத் தொடங்கும் தேதியையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

ஆண்களில் சிலருக்கு ஸ்பைரோனோலாக்டோனால் மார்பு வீங்கி வலிக்கும். ரேல்ஸில் பத்தில் ஒரு ஆணுக்கு இது இருந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை மட்டும் விட்டுவிடுவார்கள். எப்லரினோனுக்கு மாற்றினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. பொட்டாசியம் மட்டும் அதிலும் ஏறும் என்பதால், மாற்றிய நாளிலிருந்து முதல் வாரமும் நான்காம் வாரமும் மறுபடி எண்ண வேண்டும்.